கதவில் தொங்கிய துருக்கிச் சீட்டு: ‘குலே குலே’ என்றால் போய் வா என்றுதானே அர்த்தம்?

மீனா_எஸ்கிஷெஹிர்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் துருக்கியில் எஸ்கிஷெஹிருக்குக் குடிவந்து ஐந்து நாள் ஆகிறது. என் கணவருக்கு இங்கே இரண்டு வருட வேலை. எனக்குத் துருக்கி மொழியில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம்.

நேற்றுச் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தால், கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே ஒரு பீங்கான் தட்டு. அதில் உருண்டை உருண்டையாக பன் மாதிரி பத்துப் பன்னிரண்டு, மேலே எள்ளும் கருஞ்சீரகமும் தூவியது. தொட்டால் இன்னும் சூடு இருந்தது. கூடவே நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் சில வரிகள். கூட்டெழுத்து, என்னால் எழுத்துக்கூட்டக்கூட முடியவில்லை. கீழே மளிகைக்கடைப் பையனிடம் கொடுத்து மெதுவாக வாசிக்கச் சொல்லி, காதில் விழுந்ததை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டேன்:

“செவ்கிலி கொம்ஷுமுஸ், அபார்ட்மானுமுஸா ஹோஷ் கெல்தினிஸ். யெனி எவினிஸ் ஹாயுர்லு ஒல்சுன், குலே குலே ஒதுருன். தஷுன்மா தெலாஷுந்தா பிர் இஹ்தியாஜுனுஸ் ஒலுர்சா லுத்ஃபென் செகின்மெயின், கபுமுஸ் ஹெர் ஸமான் ஆச்சுக். தோஅல்காஸ், சு, இன்டர்நெட் இச்சின் யார்தும்ஜு ஒலுருஸ். செவ்கிலெர், 7 நுமரா.”

‘ஹோஷ் கெல்தினிஸ்’ நல்வரவு என்று தெரியும். ஆனால் நடுவில் ‘குலே குலே’ வருகிறதே? கடையை விட்டுக் கிளம்பும்போது கடைக்காரர் சொல்வது அதுதான். போய் வாங்க என்று. வந்து ஐந்தே நாளில் எங்களை ஏன் போய் வரச் சொல்கிறார்கள்? முதல் இரண்டு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேலும் அலமாரி நகர்த்திக்கொண்டிருந்தோம். அதனால் இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொடர்_ரசிகன்:

நான் துருக்கித் தொடர்கள் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். ‘குலே குலே’ விடைபெறும்போது சொல்வதுதான், சந்தேகமே இல்லை. அதுவும் இருக்கிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துச் சொல்வது. ஒதுருன் என்றால் உட்காருங்கள். போங்கள், உட்காருங்கள் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் ‘போய் உங்கள் வீட்டில் அமைதியாக உட்காருங்கள்’ என்று வருகிறது. இன்னொன்று, ‘ஹாயுர்’ என்றால் ‘இல்லை’, ‘வேண்டாம்’. தொடரில் நிமிடத்துக்கு ஒரு தடவை கத்துவார்கள். சத்தம் வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் போல.

காயல்_நூர்:

தொடர் ரசிகன், ‘ஹாயுர்லு’ அந்த ‘இல்லை’ கிடையாது. அது அரபியிலிருந்து போன ஹைர். எங்கள் காயல்பட்டினத்தில் ஒரு காரியம் நல்லபடி முடிந்தால் ‘எல்லாம் ஹைர்’ என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஒல்சுன் என்றால் ‘ஆகட்டும்’. ஆக, புது வீடு நன்மையாக அமையட்டும் என்கிறார்கள். மீனா, இது துஆ. நீங்கள் ‘ஆமீன்’ என்று பதில் எழுத வேண்டும்.

அங்காரா_செல்வம்:

மீனா, முதலில் நிம்மதியாக இருங்கள். இதைவிட அன்பாக ஒரு சீட்டு எழுத முடியாது. நான் அங்காராவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறேன், மூன்றிலும் யாராவது ஒருவர் இதே சொற்களைச் சொன்னார்கள்.

‘குலே குலே’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘சிரித்துச் சிரித்து’. சிரித்த முகமாக, சந்தோஷமாக என்று கொள்ளலாம். போகிறவரிடம் சொல்லும்போது ‘போங்கள்’ என்ற வினை சொல்லாமலே மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். புதுச்சட்டை போட்டவரிடம் ‘குலே குலே கியின்’ என்பார்கள், சந்தோஷமாக உடுத்துங்கள் என்று. புதுசாக போன், கார் வாங்கினால் ‘குலே குலே குல்லனுன்’, சந்தோஷமாகப் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு ‘குலே குலே ஒதுருன்’. அடுத்து என்ன வினை வருகிறது என்று பார்த்தால் குழப்பமே வராது.

ஒதுர் என்பதற்கு உட்கார் என்றும் பொருள், குடியிரு என்றும் பொருள். நாம் விருந்தாளியிடம் ‘இருங்க’ என்கிறோம், உட்காரச் சொன்னதும் அதுதான், தங்கச் சொன்னதும் அதுதான். ‘எங்கே இருக்கீங்க?’ என்றால் வீட்டைத்தானே கேட்கிறோம்? அதே மாதிரி.

இனி முழுச் சீட்டு: “அன்புள்ள அண்டைவீட்டாரே, எங்கள் கட்டடத்துக்கு நல்வரவு. உங்கள் புது வீடு நல்லபடி அமையட்டும், சந்தோஷமாகக் குடியிருங்கள். குடிவந்த பரபரப்பில் எது தேவைப்பட்டாலும் தயவுசெய்து கூச்சப்படாதீர்கள், எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும். எரிவாயு, தண்ணீர், இன்டர்நெட்டுக்கு நாங்கள் உதவி செய்கிறோம். அன்புடன், 7ஆம் எண்.”

நூர் சொன்ன ஹைர் சரி. ஆனால் ஆமீன் எழுத வேண்டியதில்லை. இதை மதப்பற்று இல்லாதவர்களும் தினமும் சொல்கிறார்கள். கடை திறந்தாலும் ஹாயுர்லு ஒல்சுன், பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும் ஹாயுர்லு ஒல்சுன். நன்றி சொன்னால் போதும். தொடர் ரசிகன் சொன்ன ‘இல்லை’யும் உண்மைதான், ‘ஹாயுர்’ தனியாக வந்தால் அந்தப் பொருள் உண்டு. கடைசியில் ‘லு’ சேர்ந்துவிட்டால் வேறு.

தொடர்_ரசிகன்:

மன்னிக்கவும் மீனா, உங்களைப் பயமுறுத்திவிட்டேன். செல்வம், நன்றி. காதில் கேட்டுக் கற்றுக்கொண்டதில் இந்த ஒட்டுகள் எல்லாம் தப்பிப்போய்விடுகின்றன.

மீனா_எஸ்கிஷெஹிர்:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க அந்தத் தட்டைத் தொடாமல் வைத்திருந்தேன். இப்போதுதான் ஒன்று எடுத்துப் பிட்டேன், உள்ளே வெள்ளைப் பாலாடைக்கட்டியும் பொடியாக நறுக்கிய தழையும். நாங்கள் சைவம், அதனால் இதுவும் நிம்மதி.

பதில் எழுதித் தட்டோடு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். என்ன எழுதுவது?

இஸ்தான்புல்_கனவு:

நடுவில் வருகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நானும் அடுத்த மாதம் இஸ்தான்புல் போகிறேன். வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகை முன்பணம் கேட்கிறார், தரகர் தனியாக ஒரு மாதம் கேட்கிறார். இது நியாயமா? இதைப் பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

எசன்_வாணி:

கனவு, அதுக்குத் தனி இழை தொடங்குங்கோ, இதுக்குள்ள காணாமல் போய்விடும்.

மீனா, நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில எசன் நகரத்தில. எங்கட கட்டடத்தில பாதிப்பேர் துருக்கிக்காரர். உங்களுக்கு வந்தது போஆச்சா. ஒரு விசயம் கட்டாயம் கவனியுங்கோ: தட்டை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. கழுவித் துடைச்சு, நீங்கள் சமைச்ச ஏதாவது ஒன்றை வைச்சுத்தான் குடுக்க வேணும். கீழ்வீட்டு அம்மாவுக்கு நான் முதல் தடவை வெறும் தட்டைக் குடுத்தன். அவ ஒன்றும் சொல்லேல்லை, சிரிச்சுக்கொண்டுதான் வாங்கினவ. அவவின்ர மகள்தான் பிறகு மெல்லச் சொல்லித் தந்தவள். ஊரிலயும் அம்மா பக்கத்து வீட்டுச் சட்டியில நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தானே அனுப்புவா. அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரேல்லை.

அங்காரா_செல்வம்:

வாணி சொன்னது முக்கியம். அவசரமும் இல்லை. ஒரு வாரத்துக்குள் கொடுத்தால் போதும்.

பதிலுக்கு மூன்று துண்டு வேண்டும். ‘ஹோஷ் கெல்தினிஸ்’ என்றவருக்குப் பதில் ‘ஹோஷ் புல்துக்’. இனிதாக வந்தீர்கள் என்கிறார் அவர், இனிதாகக் கண்டோம் என்கிறீர்கள் நீங்கள். அந்த ‘ஹோஷ்’ பாரசீகச் சொல், நம் ‘குஷி’யும் அங்கிருந்து வந்ததுதான். அடுத்து, சமைத்துத் தந்தவருக்கு ‘எலினிஸே சாஅலுக்’, உங்கள் கைக்கு ஆரோக்கியம் என்று பொருள். சாப்பாட்டுக்கு வெறும் நன்றி சொன்னால் ஏதோ குறைவது போல இருக்கும், இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். மூன்றாவது, அவர்களைத் தேநீருக்கு அழைப்பது.

இவற்றை வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள், திருத்தித் தருகிறேன்.

மீனா_எஸ்கிஷெஹிர்:

அகராதியும் கடைப் பையனுமாகச் சேர்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறேன்:

“செவ்கிலி கொம்ஷுமுஸ், ஹோஷ் புல்துக். நோதுன் வெ போஆச்சாலார் இச்சின் சானா சோக் தெஷெக்குர் எதெரிஸ், எலினிஸே சாஅலுக். பிஸி தெ சாயா பெக்லெரிஸ். 6 நுமரா.”

அங்காரா_செல்வம்:

ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. இரண்டே இடம்.

‘சானா’ என்றால் உனக்கு. ‘நோதுன்’ என்றால் உன் குறிப்பு. கடைப் பையன் சின்ன வயசு, நண்பர்களோடு பேசுகிற மாதிரி சொல்லிக் கொடுத்திருப்பான். உங்களுக்கு வந்த சீட்டில் பாருங்கள், கெல்தினிஸ், எவினிஸ், செகின்மெயின், எல்லாமே ‘நீங்கள்’. அவர்கள் மரியாதையில் எழுதியதற்கு நாம் ஒருமையில் பதில் எழுதக் கூடாது. ‘சிஸே’, ‘நோதுனுஸ்’ என்று மாற்றுங்கள். நமக்கு இது கஷ்டமே இல்லை, வாக்கியத்தின் கடைசியில் ‘ங்க’ போடுகிற இடத்தில் எல்லாம் அவர்களுக்கு ஒரு ‘இனிஸ்’ அல்லது ‘இன்’ வரும்.

இரண்டாவது, ‘பிஸி’ என்றால் எங்களை. ‘எங்களைத் தேநீருக்கு எதிர்பார்க்கிறோம்’ என்று ஆகிவிட்டது. ‘சிஸி’ என்று இருக்க வேண்டும், உங்களை. ஒரே எழுத்துதான்.

திருத்தியது: “செவ்கிலி கொம்ஷுமுஸ், ஹோஷ் புல்துக். நோதுனுஸ் வெ போஆச்சாலார் இச்சின் சிஸே சோக் தெஷெக்குர் எதெரிஸ், எலினிஸே சாஅலுக். சிஸி தெ சாயா பெக்லெரிஸ். 6 நுமரா.”

கையால் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். துருக்கியில் புள்ளி வைத்த ‘இ’ வேறு, புள்ளி இல்லாத எழுத்து வேறு. ‘ஹாயுர்லு’, ‘ஆச்சுக்’, ‘சாஅலுக்’ இவற்றில் நீங்கள் உகரமாகக் கேட்டதெல்லாம் புள்ளி இல்லாதது. பெரும்பாலான வெளிநாட்டவர்கள் இதை உச்சரிக்க வருடக்கணக்கில் திண்டாடுகிறார்கள். நமக்கு அது ‘காற்று’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம். வாயில் ஏற்கனவே இருக்கிறது.

காயல்_நூர்:

குற்றியலுகரமா! பள்ளிக்கூடத்தில் அரைமாத்திரை என்று மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது ‘ஹாயுர்லு’ என்று சொல்லிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

மீனா, தட்டில் ரவா கேசரி வைத்துக் கொடுங்கள். ரவை, சீனி, நெய், எல்லாமே அங்கே கிடைக்கும். முதல் தடவை இனிப்புதானே நல்லது?

எசன்_வாணி:

கேசரி எண்டா கொஞ்சம் யோசியுங்கோ. அவையளிட்ட ரவையில செய்யிற இர்மிக் ஹெல்வா எண்டு ஒன்று இருக்கு, பார்க்கக் கேசரி மாதிரித்தான். செத்தவீட்டிலதான் அதைக் கிண்டிப் பகிருவினம். கீழ்வீட்டு அம்மாவின்ர புருசன் மோசம் போனபோது எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. புதுசாக் குடிவந்த வீட்டில இருந்து அது போனால் ஒரு மாதிரி இருக்காதோ?

அங்காரா_செல்வம்:

வாணி சொல்கிற வழக்கம் உண்மை. ஆனால் இர்மிக் ஹெல்வாவைச் சாவுக்கு மட்டும்தான் செய்வார்கள் என்று இல்லை. இங்கே மீன் சாப்பாட்டுக் கடைகளில் சாப்பாடு முடிந்ததும் சூடாக, நடுவில் ஐஸ்கிரீம் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். என் மாமியார் வந்திருந்தபோது கேசரி செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம், ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து அவர்கள் இதை ஹெல்வாவோடு சேர்க்கவே இல்லை. என்னைக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

எசன்_வாணி:

ஐஸ்கிரீமோட கடையில சாப்பிடுறது வேற, வீட்டில கிண்டிக் கதவைத் தட்டிக் குடுக்கிறது வேற அண்ணா. வயசான ஆக்கள் எண்டால் ‘ஆர் செத்தது’ எண்டு மனசுக்குள்ள நினைப்பினம். நான் குடுக்க மாட்டன்.

மீனா_எஸ்கிஷெஹிர்:

சரி, இப்போதைக்கு முறுக்கு. அரிசி மாவு கடையில் பார்த்தேன், குழல் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். எரிவாயு, தண்ணீருக்கு உதவுகிறோம் என்று எழுதியிருக்கிறார்களே, அது ஒரு மரியாதைக்கு எழுதுவதா, உண்மையிலேயே போய்க் கேட்கலாமா? எரிவாயு இணைப்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை. ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, மின்சார அடுப்பில் சமைக்கிறோம்.

தொடர்_ரசிகன்:

‘கதவு திறந்திருக்கும்’ என்பது எல்லா ஊரிலும் சொல்வதுதானே? எனக்கென்னவோ கேட்காமல் இருப்பதே மரியாதை என்று தோன்றுகிறது.

அங்காரா_செல்வம்:

இல்லை, இங்கே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘கதவு திறந்திருக்கும்’ மட்டும் என்றால் உபசாரம் என்று விட்டுவிடலாம். எரிவாயு, தண்ணீர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். குடிவந்தவர்கள் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்து எழுதியது. ‘வீடு வாங்காதே, அண்டைவீட்டாரை வாங்கு’ என்று துருக்கியில் ஒரு பழமொழி உண்டு. போய்க் கேளுங்கள்.

ஆனால் ‘உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இரண்டாவது வீட்டுக்கு மாறியபோது மின்சார மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில் ஒரே பெட்டிக்குள் இருந்தன. வீட்டு எண்ணைச் சாயத்தில் எழுதியிருந்தார்கள், பாதி அழிந்துபோயிருந்தது. நான் என்னுடையது என்று நினைத்த மீட்டர் எண்ணைக் கொடுத்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் மேல்வீட்டுக்காரரின் கட்டணத்தை நான் கட்டினேன். ஊருக்குப் போய்விட்டு வந்த மாதமும் கட்டணம் குறையவே இல்லை, அப்போதுதான் சந்தேகம் வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். என் வீட்டு மெயின் சுவிட்சை மனைவி அணைத்தாள், நாங்கள் கீழே நின்று எந்த மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவது நிற்கிறது என்று பார்த்தோம். நான் பணம் கட்டிய மீட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது.

அதனால் முதல் வேலை, 7ஆம் எண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் மீட்டர்கள் எவை என்று உறுதி செய்யுங்கள். எரிவாயு மீட்டர் மாடிப்படியிலோ வீட்டுக்குள்ளோ இருக்கும். அப்புறம், கட்டாய நிலநடுக்கக் காப்பீட்டுச் சீட்டு, ‘தாஸ்க்’ என்பார்கள், அதன் நகல் வீட்டுக்காரரிடம் வாங்கியாயிற்றா? 1999 பூகம்பத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. அது இல்லாமல் மின்சாரம், தண்ணீர் உங்கள் பெயருக்கு மாறாது. எடுக்க வேண்டியது வீட்டு உரிமையாளர். பலர் காலாவதியானதை மறந்துவிட்டிருப்பார்கள். எரிவாயுவைத் திறக்க ஆள் வருகிற நேரம் வீட்டில் யாராவது இருந்தே ஆக வேண்டும், பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள், மறுபடி தேதி வாங்க வேண்டும். அன்றைக்கு மொழி தெரிந்த அந்த அண்டைவீட்டார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு எவ்வளவோ சுலபம்.

இன்னொன்று, குடிவந்த நாளிலிருந்து இருபது வேலைநாளுக்குள் புது முகவரியைப் பதிந்துவிடுங்கள். அது அண்டைவீட்டார் செய்து தருகிற வேலை இல்லை, நீங்களேதான் செய்ய வேண்டும்.

காயல்_நூர்:

மீனா, கதவைத் தட்டும்போது எப்படிக் கூப்பிடுவீர்கள்? வயதானவர் என்றால் ‘தெய்ஸே’, அதாவது சித்தி, என்று கூப்பிடலாம் என்று படித்திருக்கிறேன்.

அங்காரா_செல்வம்:

முதல் நாளே தெய்ஸே வேண்டாம். ஐம்பது வயதுக்காரரை அப்படிக் கூப்பிட்டால் வருத்தப்படக்கூடும், நம் ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் ‘பாட்டி’ என்றால் எப்படி இருக்கும்? பெயரைக் கேட்டு, பெயரோடு ‘ஹானும்’ சேர்த்துக் கூப்பிடுங்கள். அவரே ‘அப்லா என்று கூப்பிடு’, அக்கா என்று கூப்பிடு, என்று சொல்வார், பாருங்கள்.

மீனா_எஸ்கிஷெஹிர்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முறுக்கோடு தட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அறுபது வயது இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசலிலேயே நின்று சீட்டை வாய்விட்டுப் படித்தார், ‘எலினிஸே சாஅலுக்’ வந்த இடத்தில் நிறுத்தி என்னைக் கட்டிக்கொண்டார். என் பதிலில் புள்ளியில்லாத எழுத்து ஒன்றுக்குப் புள்ளி வைத்துவிட்டேன், பேனாவை எடுத்து அவரே திருத்திக் காட்டினார். ஹானும் என்றுதான் கூப்பிட்டேன். அப்லா என்று இன்னும் சொல்லவில்லை, ஒருவேளை ஆசிரியை என்பதாலோ என்னவோ.

மீட்டர் பார்க்க அவரே கூட வந்தார். எங்கள் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். நல்லவேளை, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பார்த்தோம்: வீட்டுக்காரர் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது 5ஆம் எண் வீட்டு மீட்டர். காப்பீட்டுச் சீட்டும் மார்ச் மாதமே முடிந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு அந்த அம்மாவே போன் போட்டுப் பேசினார், நாளைக்குப் புதுப்பித்து அனுப்புகிறேன் என்றாராம். எரிவாயுவுக்கு வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். அன்றைக்குக் காலையில் அவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

எசன்_வாணி:

முறுக்கு பிடிச்சதோ அவவுக்கு?

மீனா_எஸ்கிஷெஹிர்:

எப்படிப் பிழிந்தது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை குழலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.